கர்ப்பிணியின் டி.எஸ்.எச்.: ரிப்போர்ட்டில் அச்சான எல்லை யாருடையது?

இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல் ரிப்போர்ட் பத்து வாரக் கர்ப்பிணி ஒருவருடையது. டி.எஸ்.எச். 0.18 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் 'குறைவு' என்பதற்கான 'எல்' குறி. அதற்கும் பக்கத்தில், இயல்பான எல்லை 0.35 முதல் 4.94 வரை என்ற குறிப்பு. இரண்டாவது ரிப்போர்ட் எட்டு வாரக் கர்ப்பிணியுடையது. அவருக்கு 4.6. அச்சிட்ட எல்லைக்குள் இருப்பதால் எந்தக் குறியும் இல்லை.

முதல் வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. "தைராய்டு இருக்காம்" என்று மாமியார் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். இரண்டாவது வீட்டில் ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடும். ஆனால் மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் முதல் ரிப்போர்ட்டை அமைதியாகப் புரட்டிவிட்டு, இரண்டாவதில்தான் பேனாவை வைப்பார். காரணம், அந்த 0.35–4.94 கர்ப்பிணிகளைப் பார்த்து வகுத்த எல்லையே இல்லை.

எல்லை எப்படி வகுக்கப்படுகிறது?

டி.எஸ்.எச். பரிசோதனைக்கான ரசாயனத் தொகுப்பைத் தயாரிக்கும் நிறுவனமோ, பெரிய லேபோ, ஆரோக்கியமான சில நூறு பேரின் ரத்தத்தை எடுக்கும். தைராய்டு நோய் உள்ளவர்கள், அதைப் பாதிக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை முதலிலேயே விலக்கிவிடுவார்கள். மற்றவர்களின் அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவார்கள். கீழ்க்கோடியில் இரண்டரை சதவீதம், மேல்கோடியில் இரண்டரை சதவீதம் கழித்துவிட்டால் நடுவில் 95 சதவீதம் பேர் இருப்பார்கள். அவர்களுடைய மிகக் குறைந்த அளவும் மிக அதிக அளவும்தான் ரிப்போர்ட்டில் அச்சாகும் இரண்டு எண்கள்.

ஆகவே இது நோயையும் ஆரோக்கியத்தையும் பிரிக்கும் கோடு என்று சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களிலேயே இருபதில் ஒருவர் இதற்கு வெளியே நிற்பார். பரிசோதனைத் தொகுப்பு மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஒரு லேபில் மேல் எல்லை 4.2 என்றும் இன்னொரு லேபில் 4.94 என்றும் இருப்பது அதனால்தான். கணக்கிலேயே சேர்க்கப்படாத கர்ப்பிணியின் ரத்தத்தை இந்த எண்களுக்கு எதிரில் வைத்துப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

டி.எஸ்.எச். என்பது சரக்கில்லை, சீட்டு

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தயாரிப்பது தைராக்ஸின். சுருக்கமாக டி4 என்பார்கள். டி.எஸ்.எச். அங்கே சுரப்பதில்லை. அது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் தூது. மளிகைக் கடைக்கு வீட்டிலிருந்து போகும் சாமான் சீட்டு என்று இதை நினைத்துக்கொள்ளலாம். வீட்டில் சரக்கு குறைந்தால் சீட்டு நீளும். நிறைந்திருந்தால் சீட்டே போகாது. அதனால் டி4 குறையும்போது டி.எஸ்.எச். ஏறும், டி4 கூடும்போது இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் நடப்பதில்லை. ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் டி4 இரண்டு மடங்கு மாறினால், டி.எஸ்.எச். நூறு மடங்கு வரை மாறக்கூடும். டி4 இயல்பான அளவுக்குள்ளேயே சிறிது அசைந்தாலும் பிட்யூட்டரி அதைக் கவனித்துப் பெரிதாகக் காட்டிவிடும். தைராய்டைச் சோதிக்க முதலில் டி.எஸ்.எச்.சைக் கேட்பது இதற்காகத்தான். கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது இவ்வளவு சரிவதற்கும் இதுவே பாதி விளக்கம்.

கீழ் எல்லை ஏன் இறங்குகிறது?

மீதிப் பாதி விளக்கம், வீட்டிலேயே செய்துபார்க்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இருக்கிறது. அதில் இரண்டாவது கோட்டை விழவைப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். கரு கருப்பையில் பதிந்ததும், பின்னால் நச்சுக்கொடியாக வளரப்போகும் திசு இதைச் சுரக்கத் தொடங்கும். கர்ப்பத்தைத் தக்கவைப்பதுதான் இதன் முதல் வேலை.

எச்.சி.ஜி.யும் டி.எஸ்.எச்.சும் அமைப்பில் நெருங்கிய உறவினர்கள். இரண்டுமே இரு சங்கிலிகள் சேர்ந்த மூலக்கூறுகள். ஆல்ஃபா என்ற சங்கிலி இரண்டிலும் ஒன்றேதான். பீட்டா சங்கிலி வேறு என்றாலும் ஓரளவு ஒத்திருக்கும். இதனால் எச்.சி.ஜி. தைராய்டிலும் போய் ஒட்டிக்கொண்டு அதைத் தூண்டிவிடும். அதன் தூண்டுதல் பலவீனமானதுதான். ஆனால் எட்டாவது வாரத்திலிருந்து பதினோராவது வாரம் வரை ரத்தத்தில் எச்.சி.ஜி. உச்சத்தில் இருக்கும், பலவீனத்தை அளவு ஈடுகட்டிவிடும். தைராய்டு கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். அதைக் கண்ட பிட்யூட்டரி தன் சீட்டைச் சுருக்கிக்கொள்ளும்.

அதனால்தான் முதல் மூன்று மாதங்களில் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு டி.எஸ்.எச். 0.1 வரை இறங்குவதை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு அதற்கும் கீழே, அளக்க முடியாத அளவுக்குப் போவதும் உண்டு. இரட்டைக் குழந்தை என்றால் எச்.சி.ஜி. அதிகம், ஆகவே சரிவும் அதிகம். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு எச்.சி.ஜி. குறையும், டி.எஸ்.எச். மெல்ல மேலே ஏறி, பழைய அளவை நோக்கித் திரும்பும்.

மேல் எல்லையை ஏன் கவனிக்க வேண்டும்?

எச்.சி.ஜி. தள்ளிவிடுவது ஒரு பக்கம் என்றால், கர்ப்பம் தைராய்டிடம் கேட்கும் வேலை இன்னொரு பக்கம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது, ரத்தத்தில் தைராக்ஸினைச் சுமந்துசெல்லும் புரதமும் பெருகுகிறது. புதிதாக வந்த புரதம் டி4ஐப் பிடித்து வைத்துக்கொள்ள, உலவும் டி4 குறையாமல் காக்கச் சுரப்பி கூடுதலாகத் தயாரிக்க வேண்டும். ரத்தத்தின் மொத்த டி4 அளவு பதினாறாவது வாரத்துக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். டி4 செய்யத் தேவையான அயோடினைச் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே விடுகிறது. நச்சுக்கொடியும் தாயின் தைராக்ஸினில் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்கிறது. குழந்தைக்கும் ஒரு பங்கு போக வேண்டும்.

அந்தப் பங்கு முதல் மாதங்களில் மிக முக்கியம். சிசுவின் தைராய்டு பத்து, பன்னிரண்டு வாரங்களில்தான் அயோடினை உள்ளிழுக்கத் தொடங்கும். தனக்குப் போதுமான அளவு சுரக்க ஏறத்தாழ பதினெட்டு முதல் இருபது வாரமாகிவிடும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்ஸின் தாயின் ரத்தத்திலிருந்துதான் வர வேண்டும்.

நல்ல தைராய்டு உள்ளவர் இந்தக் கூடுதல் வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுவார். ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கும் சுரப்பியால் முடியாது. அப்போது எச்.சி.ஜி.யின் தூண்டுதல் இருந்தும் டி.எஸ்.எச். இறங்காது, சிலருக்கு ஏறும். பத்தாவது வாரத்தில் எல்லோருக்கும் இறங்க வேண்டிய எண் ஒருவருக்கு மட்டும் 4.6இல் நிற்கிறது என்றால் கவனிக்கத்தான் வேண்டும். அதே 4.6 கர்ப்பமில்லாத பெண்ணின் ரிப்போர்ட்டில் வந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள்.

2.5 வந்த கதை, போன கதை

"அப்படியானால் கர்ப்பிணிக்கு மேல் எல்லை எவ்வளவு?" என்று கேட்டால் மருத்துவருக்கு மருத்துவர் பதில் மாறும். அதற்கு வரலாறு உண்டு.

1999இல் ஹேடோவும் குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. கர்ப்பத்தின்போது டி.எஸ்.எச். அதிகமாக இருந்த 62 தாய்மார்களின் குழந்தைகளை ஏழு முதல் ஒன்பது வயதுக்குள் சோதித்தார்கள். அவர்களில் சிகிச்சையே பெறாத 48 தாய்மார்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் மதிப்பெண் மற்ற குழந்தைகளைவிடச் சராசரியாக ஏழு புள்ளிகள் குறைவாக இருந்தது. உலகெங்கும் மகப்பேறு மருத்துவர்கள் தைராய்டைத் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011இல் கர்ப்பிணிகளுக்கென எல்லை வகுத்தது. அந்தந்த லேபுக்கு என்று தனி எல்லை இல்லாவிட்டால் முதல் மூன்று மாதத்துக்கு 0.1 முதல் 2.5 வரை, இரண்டாவது மூன்று மாதத்துக்கு 0.2 முதல் 3 வரை, கடைசி மூன்று மாதத்துக்கு 0.3 முதல் 3 வரை. 2014இல் இந்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலும் முதல் மூன்று மாதத்துக்கு 2.5, பிறகு 3 என்ற மேல் எல்லைகளையே ஏற்றது. "கர்ப்பிணிக்கு இரண்டரைக்குள் இருக்கணும்" என்று இன்றும் நம் ஊரில் கேட்பது அந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

ஆனால் ஆசிய நாடுகளில் ஆரோக்கியமான கர்ப்பிணிகளை வைத்து எல்லை வகுத்தபோது 2.5 பொருந்தவில்லை. டெல்லியில் மர்வாஹா குழுவினர் 2008இலேயே வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று மாதத்தின் மேல் எல்லை 5 என்று வந்திருந்தது. சீனாவில் 4,800 கர்ப்பிணிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், 2.5 என்ற கோட்டை வைத்தால் முதல் மூன்று மாதத்தில் 27.8 சதவீதம் பேருக்குத் தைராய்டுக் குறை என்று கணக்காகிறது. அந்நாட்டுக் கர்ப்பிணிகளிடமிருந்தே பெற்ற 4.87ஐ வைத்தால் அது 4 சதவீதம். நான்கில் ஒருவருக்கு மேல் நோயாளி என்று சொல்லும் கோடு எங்கோ தவறாகப் போடப்பட்டிருக்க வேண்டும்.

அதே சங்கம் 2017இல் தன் பரிந்துரையை மாற்றியது. அந்தந்த மக்களுக்கும் அந்தந்த மாதத்துக்கும் உரிய எல்லை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால், ஏழு முதல் பன்னிரண்டு வாரம் வரை, லேபின் வழக்கமான கீழ் எல்லையிலிருந்து ஏறத்தாழ 0.4ஐயும், மேல் எல்லையிலிருந்து ஏறத்தாழ 0.5ஐயும் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான லேப்களில் இது மேல் எல்லையை 4க்கு அருகில் கொண்டுவந்துவிடும். அதன்பின் வாரம் ஏற ஏற எல்லை வழக்கமானதை நோக்கி நகரும். ஆக, மருத்துவருக்கு மருத்துவர் எண் மாறுவதற்குக் காரணம், ஒருவர் 2011இன் கணக்கிலும் இன்னொருவர் 2017இன் கணக்கிலும் நிற்பதுதான்.

இனி அந்த இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம்

முதல் பெண்ணுக்குப் பத்தாவது வாரத்தில் 0.18. எச்.சி.ஜி. உச்சத்தில் இருக்கும் நேரம். மசக்கையும் கடுமையாக இருக்கிறது. வாந்தி தாங்காமல் குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்குப் போகும் பெண்களுக்கு டி.எஸ்.எச். இப்படி இறங்குவது வழக்கம். மருத்துவர் முதலில் உலவும் டி4ஐப் பார்ப்பார். அது இயல்பாக இருந்தால் மாத்திரை எதுவும் வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தால் எண் தானாக ஏறியிருக்கும்.

டி4 கூடுதலாகவே இருந்தாலும் உடனே தைராய்டு நோய் என்று சொல்லிவிட முடியாது. எச்.சி.ஜி.யால் வரும் தற்காலிக மிகைச்சுரப்பும், கிரேவ்ஸ் என்ற உண்மையான நோயும் ரத்தத்தில் ஒரே மாதிரி தெரியும். கழுத்தில் வீக்கம், கண் பிதுங்குதல், கர்ப்பத்துக்கு முன்பே படபடப்பும் எடை குறைவும் இருந்ததா என்பது ஆகியவற்றைக் கேட்டுப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் தைராய்டைத் தூண்டும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரத்தத்திலேயே சோதிக்கலாம். கதிரியக்க அயோடின் ஸ்கேன் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. இந்தப் பொறுமை அவசியம்; மிகைச்சுரப்புக்குத் தரும் கார்பிமசோல் போன்ற மருந்துகளை முதல் மாதங்களில் தேவையில்லாமல் சாப்பிட்டால் சிசுவுக்குப் பிறவிக் குறைகள் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இரண்டாவது பெண்ணுக்கு எட்டாவது வாரத்தில் 4.6. லேபின் 4.94இலிருந்து 0.5 கழித்தால் 4.44, அவர் அதைத் தாண்டியிருக்கிறார். அடுத்து கேட்கவேண்டியது, அவர் சுரப்பியில் கூடுதலாக உழைக்க எவ்வளவு சக்தி மீதியிருக்கிறது என்பது. அதை அறிய ஆன்டி-டி.பி.ஓ. என்ற பரிசோதனை உதவும். உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தைராய்டையே தாக்கிக்கொண்டிருந்தால் இந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். அது இருக்கும் பெண்களுக்குக் கர்ப்பம் முன்னேற முன்னேற டி.எஸ்.எச். இன்னும் ஏறும் வாய்ப்பு அதிகம். கருச்சிதைவும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆன்டிபாடி இருக்கிறது என்று வந்தால், 2017 பரிந்துரைப்படி அவருக்கு லெவோதைராக்ஸின் மாத்திரை தொடங்க வேண்டும். பெரும்பாலும் தினம் 25 அல்லது 50 மைக்ரோகிராம் போதும். நான்கு வாரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

ஆன்டிபாடி இல்லையென்றால்? இங்கே மருத்துவர்கள் நிதானிப்பதற்குக் காரணம் இரண்டு பெரிய ஆய்வுகள். 2012இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும், 2017இல் அமெரிக்காவிலும், லேசான தைராய்டுக் குறை உள்ள கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, குழந்தைகளை முதல் ஆய்வில் மூன்று வயதிலும், இரண்டாவதில் ஐந்து வயதிலும் சோதித்தார்கள். அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் மாத்திரை தொடங்கும்போதே முதல் மூன்று மாதம் ஏறக்குறைய முடிந்திருந்தது என்பதால் விவாதம் ஓயவில்லை. எனவே ஆன்டிபாடி இல்லாத லேசான ஏற்றத்துக்கு மாத்திரை தரலாம், தராமல் கவனிக்கவும் செய்யலாம். டி.எஸ்.எச். 10க்கு மேல் போனால் ஆன்டிபாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்கு

கர்ப்பத்துக்கு முன்பே தைராக்ஸின் மாத்திரை சாப்பிட்டுவரும் பெண்ணின் நிலைமை வேறு. அவருடைய சுரப்பியை எச்.சி.ஜி. எவ்வளவு தூண்டினாலும் பெரிதாகப் பலன் இராது. கூடும் தேவையை மாத்திரைதான் ஈடுகட்ட வேண்டும். அவருக்கு மட்டும் பழைய 2.5 இன்னும் ஒரு இலக்காகவே இருக்கிறது, டி.எஸ்.எச்.சை அதற்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள்.

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் என்று தெரிந்ததுமே மாத்திரை அளவை 20 முதல் 30 சதவீதம் கூட்டுவது வழக்கம். அதற்கு எளிய வழி வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகச் சாப்பிடுவது. தினம் 100 மைக்ரோகிராம் சாப்பிடுபவருக்கு வாரம் 700. ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்றால் 900. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொண்டால், பதிவுச் சீட்டுக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று வாரம் வீணாகாது. அதன்பின் கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பதாவது வாரத்தையொட்டி ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சத்து மாத்திரைகளை. கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின், நான்கு மணி நேரம் கழித்துச் சத்து மாத்திரை என்று பிரித்துவிட்டால் பலருக்கு மாத்திரை அளவைக் கூட்டாமலேயே எண் சரியாகிவிடும்.

லேபில் சொல்ல வேண்டியது

கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் 'குறைவு', 'அதிகம்' என்று குறியிடுவது இயந்திரம். வயதும் பாலினமும் தவிர அதற்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ரத்தம் கொடுக்கும்போதே கர்ப்பம் என்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் சீட்டில் எழுதச் சொன்னால், சில லேப்கள் மாதவாரியான எல்லையை அச்சிட்டுத் தரும். தராவிட்டாலும், ரிப்போர்ட் மேல் பேனாவால் வாரத்தை எழுதிக்கொண்டு போவது மருத்துவருக்கு உதவும். அடுத்தடுத்த பரிசோதனைகளை ஒரே லேபில் செய்வதும் நல்லது. தொகுப்பு மாறினால் எண்ணும் மாறுவதால், ஏறியிருப்பது டி.எஸ்.எச்.சா, லேப் வித்தியாசமா என்று தெரியாமல் போய்விடும்.

பிரசவம் முடிந்ததும் நச்சுக்கொடி போய்விடும்; அதோடு எச்.சி.ஜி.யும் கூடுதல் தேவையும் போகும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டவர் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவுக்கே திரும்பிவிடலாம். கர்ப்பத்தில்தான் மாத்திரை தொடங்கியவருக்குப் பலசமயம் அது தேவையே இராது. இருவரும் ஆறு வாரம் கழித்து ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைப் படிக்க வாரக் கணக்கு வேண்டாம். அச்சிட்ட எல்லை அப்போது அவருக்கும் பொருந்தும்.